சரக்கு வந்தாச்சு, பில் ஏறலை: மாதக் கடைசியில் பிரித்துப் பார்க்க வேண்டிய கணக்கு

தொழிற்சாலை வாசலில் லாரி வந்து நிற்கிறது. செக்யூரிட்டி கேட் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதுகிறார். ஸ்டோரில் சரக்கை எண்ணி இறக்கி, 'ஜி.ஆர்.என்.' எனப்படும் சரக்கு வரவுச் சீட்டைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். அந்த நிமிடமே சரக்கு கையிருப்பில் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பணம் தர வேண்டிய பொறுப்பும் கம்பெனியின் தலையில் ஏறிவிடுகிறது. ஆனால் சப்ளையரின் பில் கணக்குப் பிரிவில் பதிவாக இன்னும் சில நாள் ஆகலாம். அதுவரை அந்தக் கடனை எங்கே வைப்பது? அதற்காகவே இருக்கிறது ஓர் இடைக்கணக்கு. 'வந்த சரக்கு, ஏறாத பில்' கணக்கு என்று அதைச் சொல்லலாம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி சரக்கு கிளம்பும்போதே பில் போட்டாக வேண்டும், பிறகு பில் ஏன் தாமதமாகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் பில் லாரியோடுதான் வருகிறது. வந்த பில் ஸ்டோர் ஃபைலில் தங்கிவிடும். தரப் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்கும். ஆர்டரில் ஒரு விலை, பில்லில் வேறு விலை என்று பர்ச்சேஸ் மேலாளரின் மேஜையில் கிடக்கும். மாதக் கணக்கை மூடும் நாளில் அது பதிவாகவில்லை என்றால், வராத பில்லும் வந்து கிடக்கும் பில்லும் கணக்குக்கு ஒன்றுதான்.

கணக்கு ஓடும் விதம்

கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். மோட்டார் சுற்றும் தாமிரக் கம்பி 500 கிலோ, கிலோ 900 ரூபாய் என்று வாங்குகிறது. ஜி.ஆர்.என். போட்டதும் கையிருப்புக் கணக்கில் 4,50,000 பற்று விழும். இடைக்கணக்கில் அதே தொகை வரவு விழும். இதில் ஜி.எஸ்.டி. சேராது. உள்ளீட்டு வரியை எடுக்கச் சரக்கும் வந்திருக்க வேண்டும், பில்லும் கையில் இருக்க வேண்டும்.

பிறகு பில் ஏறும்போது இடைக்கணக்கில் 4,50,000 பற்று, உள்ளீட்டு வரியில் 18 சதவீதமாக 81,000 பற்று, சப்ளையர் கணக்கில் 5,31,000 வரவு. இடைக்கணக்கு பூஜ்யமாகிவிடும். சரக்கு ஒரு பக்கம் ஏற்றியதைப் பில் மறுபக்கம் இறக்க வேண்டும், இதுதான் விதி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாதக் கடைசியில் அதில் மிஞ்சியிருக்க வேண்டியவை கடைசிச் சில நாட்களின் சரக்குகள் மட்டுமே.

நல்ல பிள்ளையாகத் தெரிந்த மீதி

அந்தத் தொழிற்சாலையின் அக்டோபர் 31-ஆம் தேதிப் பேரேட்டைப் பார்ப்போம். இடைக்கணக்கில் வரவு மீதி 4,45,000 ரூபாய். 29-ஆம் தேதி வந்த தாமிரக் கம்பியின் பில் இன்னும் ஏறவில்லை, அது நாலரை லட்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐயாயிரம்தான் வித்தியாசம், ஏதாவது சில்லறை விஷயமாக இருக்கும் என்று மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். அந்த மீதிக்குள் நான்கு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பற்றும் வரவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வெளியே தெரியவில்லை.

எனவே முதல் வேலை, மொத்தத்தை விட்டுவிட்டு, பர்ச்சேஸ் ஆர்டரின் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு சரக்கு வந்தது, எவ்வளவுக்குப் பில் ஏறியது என்ற பட்டியலை எடுப்பது. SAP வைத்திருப்பவர்கள் MB5S என்ற திரையில் இதைப் பார்ப்பார்கள். மற்ற மென்பொருள்களிலும் நிலுவைப் பில் அறிக்கை ஒன்று இருக்கும். பல மென்பொருள்களில் இது எடுக்கும் நாளின் நிலையைத்தான் காட்டும். ஆகவே கணக்கு மூடும் நாளிலேயே எடுத்துச் சேமிப்பது நல்லது.

பட்டியலின் கூட்டுத்தொகை பேரேட்டு மீதியோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே பட்டியல் 4,20,000 என்கிறது, பேரேடு 4,45,000 என்கிறது. இந்த 25,000 எங்கிருந்து வந்தது? தேடினால், செப்டம்பரில் யாரோ லாரி வாடகைக்காக இந்தக் கணக்கில் நேரடியாகக் கையால் ஒரு பதிவு போட்டிருக்கிறார்கள். அதற்கு ஆர்டரும் இல்லை, ஜி.ஆர்.என்.னும் இல்லை. பில் வந்தாலும் இந்தப் பதிவைத் தானாகத் தீர்க்காது. வாடகை இன்னும் தரவேண்டியதுதான் என்றால் அதைச் 'செலவு நிலுவை' கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இடைக்கணக்கில் கைப்பதிவே கூடாது என்று மென்பொருளில் பூட்டுப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

நான்கு வரிகள், நான்கு கதைகள்

மீதமுள்ள 4,20,000-ல் நான்கு வரிகள் இருக்கின்றன. முதலாவது தாமிரக் கம்பி, 4,50,000 வரவு. பில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறது. இது நியாயமான கடன். அப்படியே நிற்கலாம்.

இரண்டாவது பெயின்ட், 90,000 வரவு. சரக்கு வந்தது ஜூன் மாதம். நான்கு மாதமாக ஒரு சப்ளையர் பணம் கேட்காமல் இருப்பாரா? இந்தக் கேள்விதான் துப்பு. சப்ளையரின் பேரேட்டில் 90,000-ஐத் தேடினால் கிடைக்காது. வரியையும் சேர்த்து 1,06,200-ஐத் தேட வேண்டும். தேடினால் ஜூலையிலேயே பில் ஏறி, பணமும் போயிருக்கிறது. பதிவு செய்தவர் ஆர்டர் எண்ணைக் காட்டாமல், பில்லை நேராகப் 'பெயின்ட் செலவு' கணக்கில் போட்டுவிட்டார். விளைவு என்ன? ஜி.ஆர்.என். மூலம் கையிருப்பில் ஏறிய பெயின்ட், உபயோகித்தபோது ஒருமுறை செலவாகியது; பில் மூலம் இன்னொருமுறை செலவாகியது. லாபம் 90,000 குறைந்து, இல்லாத கடன் ஒன்று புத்தகத்தில் நிற்கிறது. திருத்தம் எளிது: இடைக்கணக்கில் 90,000 பற்று, பெயின்ட் செலவில் 90,000 வரவு. இதைச் செய்யாமல் விட்டால், அந்த நிலுவையை நம்பி அதே பில்லின் நகலுக்கு யாராவது மறுபடியும் பணம் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது வார்ப்பு உறைகள், 20,000 பற்று. 200 வந்தன, ஒன்று ஆயிரம் ரூபாய். 200-க்கும் பில் ஏறியது. பிறகு 20 உறைகளில் துளை இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரக்கு 180, பில் 200. சப்ளையர் கிரெடிட் நோட் கொடுத்தால்தான் இது தீரும். வரியோடு அதன் தொகை 23,600. கேட்காவிட்டால் அது நஷ்டம். பற்று மீதியைக் கண்டால் 'நாம் வாங்க வேண்டிய பணம்' என்று படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நான்காவது பேரிங், 1,00,000 பற்று. பில் ஈமெயிலில் 30-ஆம் தேதியே வந்து பதிவாகிவிட்டது. லாரி வழியில் இருக்கிறது. சரக்கு கிளம்பியபோதே உரிமை நமக்கு மாறிவிட்டது என்பது ஒப்பந்தமானால், 'வழியில் உள்ள சரக்கு' என்று காட்டலாம். உள்ளீட்டு வரியை மட்டும் சரக்கு வந்து சேரும்வரை எடுக்கக் கூடாது.

இப்போது ஐந்தொகைக்கு என்ன போகிறது? கடன் பக்கம் 4,50,000. சொத்துப் பக்கம் வரவேண்டிய கிரெடிட் நோட் 20,000, வழியில் உள்ள சரக்கு 1,00,000. செலவு நிலுவையில் 25,000. முன்பு 4,45,000 என்று ஒற்றை எண்ணாகக் கிடந்தது இப்போது உண்மையைச் சொல்கிறது, லாபமும் 90,000 கூடியிருக்கிறது.

கணக்குக்குள் தெரியாதது

இந்தப் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. 31-ஆம் தேதி மாலை இறங்கிய சரக்குக்கு ஸ்டோர்காரர் 2-ஆம் தேதி காலையில், அன்றைய தேதியிட்டு ஜி.ஆர்.என். போட்டிருந்தால், அக்டோபர் கணக்கில் அந்தச் சரக்கும் இல்லை, கடனும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கேட் பதிவேட்டின் கடைசி மூன்று நாள் பக்கங்களை ஜி.ஆர்.என். பட்டியலோடு வண்டி வண்டியாக ஒப்பிடுவது.

இன்னொரு சாட்சி அரசாங்கத் தளத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி தயாராகும் GSTR-2B அறிக்கையில், சப்ளையர்கள் நம் பெயரில் போட்டுத் தாக்கல் செய்த பில்கள் வரிசையாக இருக்கும். அதில் இருந்து நம் புத்தகத்தில் இல்லாத பில், எங்கோ ஒரு மேஜையில் தூங்குகிறது என்று அர்த்தம். நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதைத் தாண்டிவிட்டால் அந்த ஆண்டுப் பில்லின் உள்ளீட்டு வரி கிடைக்காது.

சப்ளையர் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால் அவசரம் இன்னும் கூடுகிறது. அவருக்குப் பணம் தரும் கெடு சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பில்லை நாம் எப்போது பதிவு செய்தோம் என்பது கணக்கில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இல்லை. கெடு தாண்டி, ஆண்டுக் கடைசியிலும் தராமல் இருந்தால், அந்தக் கொள்முதலை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம்.

அழிப்பதற்கு முன்

பழைய வரிகள் சேரச் சேர, மொத்தமாகத் துடைத்துவிடும் ஆசை வரும். SAP-ல் MR11 அதற்கான கருவி. சில நொடிகளில் பட்டியல் சுத்தமாகிவிடும். பெயின்ட் வரியையும் உறை வரியையும் அப்படித் துடைத்திருந்தால், முதலாவதன் திருத்தம் தவறான கணக்கில் விழுந்திருக்கும், இரண்டாவதன் பணமே போயிருக்கும். சப்ளையரிடம் கணக்கு அறிக்கை வாங்கி, அவர் புத்தகத்திலும் அந்த நிலுவை இல்லை என்று உறுதியான பிறகே ஒரு வரியை எழுதித் தள்ள வேண்டும். அதையும் வாங்கியவர் அல்லாத வேறொருவர் அனுமதிக்க வேண்டும்.

தொழில் நடத்துகிறவர்களும் கணக்குப் பிரிவில் இருப்பவர்களும் இந்த மாதமே ஒரு காரியம் செய்யுங்கள். இடைக்கணக்குப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: ஏன் திறந்திருக்கிறது, யார் முடிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றில் ஒன்றையாவது நிரப்ப முடியாத வரி இருந்தால், கணக்கை மூட அனுமதி கொடுக்காதீர்கள்.