அக்கா பையனோட தடுப்பூசி அட்டையும் என்னோட ரெண்டு தப்பும்

2024-ல எங்க அக்கா குடும்பம் டெக்சாஸுக்குக் குடிபோனாங்க. பையனை அங்க கிண்டர்கார்டன்ல சேர்க்கணும். அவனோட தடுப்பூசி அட்டையை வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பி, "இதை இங்கிலீஷ்ல மாத்திக் குடுடா, நாளைக்கு வேணும்"னு அக்கா சொன்னாங்க. இதுல என்ன இருக்குன்னு நினைச்சேன். முதல் தடவை எழுதுனதுல ரெண்டு பெரிய தப்பு. உங்க வீட்லயும் இந்த வேலை உங்க தலையிலதான் விழும், அதனால சொல்றேன்.

முதல்ல போட்டோ. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கிடும். 1-ம் 7-ம், 3-ம் 8-ம் ஒண்ணு போலத் தெரியும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. ஒவ்வொரு பக்கமும் தனிப் படமா, மடிப்பை நிமிர்த்தி, முத்திரையும் தெரியுற மாதிரி எடுக்கணும். அடுத்து எப்போ வரணும்னு குறிச்ச தேதி வேற, ஊசி போட்ட தேதி வேற. நமக்கு வேண்டியது ரெண்டாவதுதான்.

என்னோட முதல் தப்பு தேதியில. அட்டையில 03/04/2019-னு இருந்ததை அப்படியே டைப் பண்ணிட்டேன். நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்காவுல மாசம்தான் முதல்ல வரும், அதனால அவங்களுக்கு அது மார்ச் 4. பையன் பிறந்தது 12 ஜனவரி 2019. பென்டாவேலன்ட் முதல் டோஸ் 27 பிப்ரவரி. ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது நாலு வாரம் இருக்கணும். மார்ச் 4-னு படிச்சா அஞ்சே நாள் இடைவெளி, அந்த டோஸ் செல்லாது. ஏப்ரல் 3-னு படிச்சா சரியா 35 நாள். அதனால மாசத்தை எழுத்துலயே எழுதுங்க:

```
Pentavalent-1   27 February 2019
Pentavalent-2   3 April 2019
Pentavalent-3   8 May 2019
```

நீங்க படிச்ச தேதி சரியான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமைதான் குழந்தைகளுக்கு ஊசி. காலண்டர்ல பார்த்தேன், மேல இருக்கிற மூணு நாளும் புதன். மார்ச் 4 திங்கள். இலக்கம் மங்கலா இருந்தா இப்படிச் சோதிக்கலாம். சோதிச்சும் தெரியலைன்னா `[illegible]`-னு போடுங்க. ஊகிச்சு நிரப்பாதீங்க.

ரெண்டாவது தப்புதான் பெருசு. அட்டையில "தட்டம்மை ரூபெல்லா"ன்னு ரெண்டு தடவை இருந்துச்சு. அக்கா அனுப்புன பள்ளி லிஸ்ட்ல `MMR` ரெண்டு டோஸ். ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சு `MMR`-னு எழுதிட்டேன். ஆனா அட்டையில இருந்தது எம்.ஆர். எம்.எம்.ஆர்.-ல கூடுதலா இருக்கிற எம், மம்ப்ஸ், அதாவது நம்ம பொன்னுக்கு வீங்கி. அரசுத் திட்டத்துல போடுற எம்.ஆர்.-ல அது கிடையாது. நான் எழுதுனதை நம்பியிருந்தா, போடாத ஊசியைப் போட்டதா பள்ளி பதிவு பண்ணியிருக்கும், பையனுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லாமப் போயிருக்கும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல முதல் டோஸ் ஒன்பது மாசம் முடிஞ்சதும் போடுறாங்க. இவனுக்குப் போட்டது 16 அக்டோபர் 2019. டெக்சாஸ்ல முதல் பிறந்தநாளுக்கு முன்னாடி போட்ட டோஸைக் கணக்குல எடுக்க மாட்டாங்க.

"தட்டம்மை"ன்னா மீசில்ஸ். அம்மைன்னு பார்த்ததும் சிக்கன்பாக்ஸ்னு எழுதிடாதீங்க, அது சின்னம்மை. டெக்சாஸ் அதையும் தனியாக் கேட்குது. போலியோவும் அப்படித்தான்: சொட்டு மருந்துன்னா `OPV`, ஊசின்னா `IPV`. ரெண்டையும் வெறும் `Polio`-ன்னு எழுதக் கூடாது, ஏன்னா ஏப்ரல் 2016-லேர்ந்து போட்ட சொட்டு மருந்தை அமெரிக்காவுல கணக்குல எடுக்கறதில்ல. பென்டாவேலன்ட்டை மட்டும் பெயரை அப்படியே வெச்சு, கீழ ஒரு குறிப்பு எழுதலாம். அந்த ஒரு ஊசிக்குள்ள அஞ்சு நோய்க்கான மருந்து இருக்கு, அவங்க ஃபார்ம்ல அதுக்கெல்லாம் தனித்தனிக் கட்டம்:

```
Translator's note: Pentavalent = DTwP + Hep B + Hib
```

கடைசியில, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானதுன்னு ஒரு வரி, பேர், கையெழுத்து, தேதி. சொந்தக்காரங்க எழுதுனதை ஏத்துப்பாங்களான்னு பள்ளியில முன்னாடியே கேட்டுடுங்க. எங்களுக்கு ஏத்துக்கிட்டாங்க.

திருத்தி அனுப்புனதும் அக்காவுக்குக் கோபம். "எம்.எம்.ஆர்.-னே போட்டிருந்தா ஒரு ஊசி மிச்சமாயிருக்குமேடா"ன்னாங்க. பையனுக்கு அங்க எம்.எம்.ஆர். போட்டாங்க, கூடவே சின்னம்மைக்கும். நாலு நாள் என்கிட்ட அவன் பேசல.