ரிவர்ஸ் டி3 பரிசோதனை யாருக்குத் தேவை?

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்த பிறகும் சோர்வு விடுவதில்லை. முடி கொட்டுகிறது, எடை இறங்க மறுக்கிறது. உடம்பு சொல்வதும் ரிப்போர்ட் சொல்வதும் ஒத்துப்போகாதபோது, இன்னும் நுணுக்கமான பரிசோதனை ஒன்று இருக்கக்கூடும் என்று தேடுவது இயல்பு. அப்படித் தேடுகிறவர்கள் கண்ணில் இப்போது அடிக்கடி படுவது ரிவர்ஸ் டி3. டி3 ஹார்மோனை இது அடைத்துக்கொள்கிறது, சாதாரணப் பரிசோதனையில் தெரியாத தைராய்டு குறையை இதுதான் காட்டும் என்கிறார்கள். இந்த வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. டி4 நேரடியாகப் பெரிய வேலை செய்வதில்லை. கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற உறுப்புகளில் உள்ள நொதிகள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றுகின்றன. வெளி வளையத்தில் உள்ள அயோடின் கழன்றால் கிடைப்பது டி3, உடலை இயக்கும் ஹார்மோன். உள் வளையத்தில் உள்ளது கழன்றால் கிடைப்பது ரிவர்ஸ் டி3. இது கிட்டத்தட்ட வேலையற்ற பொருள். டி4 தேவைக்கு மேல் இருக்கும்போது உடல் அதைச் செயலிழக்கச் செய்து ஒதுக்கும் வழி இது. ஆரோக்கியமான எல்லோர் உடலிலும் இது தினமும் உண்டாகிறது, சில மணி நேரத்தில் சிதைந்தும் போகிறது.

அதைச் சிதைக்கும் முக்கிய நொதிதான் கல்லீரலில் டி4-ஐ டி3 ஆகவும் மாற்றுகிறது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற சமயங்களில் இந்த நொதியின் வேகம் குறைகிறது. அப்போது டி3 இறங்குகிறது, ரிவர்ஸ் டி3 வெளியேறாமல் தேங்கி ஏறுகிறது. இதில் தைராய்டு சுரப்பிக்கு எந்தக் கோளாறும் இல்லை. அமியோடரோன், ப்ரோப்ரனோலால், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் இதே மாற்றத்தைச் செய்யும். தைராய்டு மாத்திரையான லீவோதைராக்சின் டி4-தான் என்பதால், அதைக் கூடுதலாகச் சாப்பிட்டாலும் ரிவர்ஸ் டி3 கூடும்.

அப்படியானால் அது டி3-யின் இடத்தைப் பிடித்து வேலையைத் தடுக்கிறது என்ற வாதம்? செல்லுக்குள் டி3 போய் ஒட்டும் ஏற்பிகளில் ரிவர்ஸ் டி3 ஒட்டும் திறன் மிக மிகக் குறைவு. ரத்தத்தில் அதன் அளவும் டி3-யில் சிறு பங்குதான். பலவீனமாக ஒட்டுகிற, எண்ணிக்கையிலும் குறைவான ஒன்று, வலுவாக ஒட்டுகிற டி3-ஐத் தள்ளிவிட முடியாது.

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். நாற்பது வயதுப் பெண் ஒருவர் தினமும் 75 மைக்ரோகிராம் லீவோதைராக்சின் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டி.எஸ்.எச். 2.1. நார்மல் வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. எடையைக் குறைக்க மூன்று வாரமாகச் சாப்பாட்டைப் பாதியாக்கியிருக்கிறார். சோர்வு அதிகமானதால் ரிவர்ஸ் டி3 பார்க்கிறார். 24-க்குள் இருக்க வேண்டியது 28 என்று வருகிறது. டி4 உடம்பில் ஒட்டவில்லை, அதை நிறுத்திவிட்டு டி3 மாத்திரை மட்டும் சாப்பிடுங்கள் என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து ரிவர்ஸ் டி3 வெகுவாக இறங்கியிருக்கிறது. சிகிச்சை பலித்துவிட்டது என்று தோன்றும்.

உண்மையில் அது இறங்காமல் இருக்க வழியே இல்லை. ரிவர்ஸ் டி3 உண்டாவது டி4-இலிருந்து. டி4-ஐ நிறுத்தினால் மூலப்பொருளே இல்லை. நோய் குணமானதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அதே சமயம் டி3 மாத்திரையின் அளவு மிஞ்சி டி.எஸ்.எச். 0.05-க்குப் போயிருந்தால், அதுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. டி.எஸ்.எச். இப்படி அடங்கியே நீடித்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. முதலில் 28 என்று காட்டியதற்குக் காரணம் அரைவயிற்றுச் சாப்பாடு. அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை தேவையில்லை, என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும்.

டி.எஸ்.எச். மீது மருத்துவர்கள் நம்பிக்கை வைப்பதற்குக் காரணம் உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் சற்றுக் குறைந்தாலே டி.எஸ்.எச்.-ஐப் பல மடங்கு ஏற்றிவிடும். டி4 இன்னும் நார்மல் வரம்புக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். குறையைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் எல்லைகள் உண்டு. பிட்யூட்டரியிலேயே நோய் இருந்தால் அதை நம்ப முடியாது, ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். மாத்திரை அளவை மாற்றினால் டி.எஸ்.எச். நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதற்கு முன் பார்த்தால் தவறாக வழிகாட்டும். முடி வளர்வதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

பேக்கேஜ்களில் சேர்ந்து வரும் மற்றப் பரிசோதனைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். லீவோதைராக்சின் சாப்பிடுகிறவருக்கு அளவு சரியா என்று அறிய டி3 பார்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி சொல்கிறது. மாத்திரை போதாத நிலையிலும் டி3 நார்மலாகவே இருக்கக்கூடும். தைராய்டு மிகையாகச் சுரக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் அதே டி3 அவசியமாகிறது. ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை ஒரு முறை பார்த்தால் பயனுண்டு. இங்கிலாந்தின் விக்ஹாம் பகுதியில் இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்த பெண்களில் ஆண்டுக்கு 2.6 சதவீதம் பேரும், எதிர்ப்பொருளும் சேர்ந்து இருந்தவர்களில் 4.3 சதவீதம் பேரும் முழுமையான தைராய்டு குறைபாட்டுக்குப் போனார்கள். குறைபாடு உறுதியாகி மாத்திரை தொடங்கியபின், எதிர்ப்பொருள் 300-ஆ 900-ஆ என்பதால் மாத்திரை அளவு மாறாது. ஆகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

ரிவர்ஸ் டி3 உண்மையிலேயே உதவும் நோயாளிகளும் இருக்கிறார்கள். கல்லீரலில் பெரிய ரத்தக்குழாய்க் கட்டியோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு, அந்தக் கட்டியே தைராய்டு ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். அங்கே ரிவர்ஸ் டி3 மிக உயர்ந்து நோயை அடையாளம் காட்டும். சில அரிய மரபணுக் கோளாறுகளிலும் அது துப்பு தரும்.

மற்றவர்களுக்கு, சோர்வு நீடித்தால் முதலில் கேட்க வேண்டியவை வேறு. மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு, காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுகிறீர்களா? இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி உண்டா? ரத்தசோகை, வைட்டமின் பி12 குறை, குறட்டையோடு மூச்சு நின்று கெடும் தூக்கம், மன அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா? அந்தச் சோர்வு கற்பனையல்ல, அதற்குக் காரணம் தேடியாக வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் விடை தெரிந்தால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. ரிவர்ஸ் டி3 எழுதிக்கொடுக்கப்பட்டால், "இது கூடியிருந்தால் என்ன மாற்றுவீர்கள், குறைந்திருந்தால் என்ன மாற்றுவீர்கள்?" என்று மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கச் செலவிடலாம்.