மேலிருந்து பார்த்தால் பாயசம் சாயும்

சித்திரை முதல் நாள் விருந்துக்கு 21 பதார்த்தங்கள். அத்தனையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், எதுவும் எதையும் மறைக்கக் கூடாது. ஓட்டல்காரர் இப்படிக் கேட்டால் வழி ஒன்றுதான். கேமராவை விருந்துக்கு நேர் மேலே பொருத்தி, செங்குத்தாகக் கீழே பார்க்கவைத்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் முன்வரிசை வடை பின்வரிசைப் பச்சடியை மறைத்துவிடும்.

மேலிருந்து எடுத்தால் எல்லாம் சமமாகத் தெரியும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஆறடிக்கு நாலடி மேசை. என்னுடையது 36 மி.மீ. அகல சென்சார் உள்ள கேமரா. 50 மி.மீ. லென்ஸில் 180 செ.மீ. நீளம் முழுவதும் அடங்க, கேமரா மேசையிலிருந்து 250 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேசையின் உயரம் 75 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 325 வருகிறது. அந்த ஓட்டலின் கூரையோ பத்தடி, அதாவது 305 செ.மீ.தான்!

சரி என்று 24 மி.மீ. அகலக்கோண லென்ஸைப் போட்டேன். 120 செ.மீ. உயரமே போதுமாயிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்தில் வைத்த பாயச டம்ளர்கள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கீழே விழப்போவதுபோல் நிற்கின்றன. மூலையிலிருந்த லட்டு முட்டையாகியிருந்தது. கிண்ணங்களின் வாய் மட்டும் வட்டம் மாறவில்லை. தட்டையான வட்டம் கேமராவுக்கு நேர் இணையாக இருக்கும்வரை ஓரத்திலும் வட்டமாகவே விழும். உயரமுள்ளதும் உருண்டையானதும்தான் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு கிட்டே போகிறோமோ அவ்வளவு சாயும்.

மேசையையே அப்புறப்படுத்திவிட்டு, பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு மேலே துணி விரித்தோம். பழையபடி 50 லென்ஸ், தரையிலிருந்து இரண்டரை மீட்டர். கூரைக்குக் கீழே அரை மீட்டர் மிச்சம். விருந்து தரைக்குத் திரும்பியதில் சமையல்காரருக்குத்தான் ஏக சந்தோஷம். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, பலகையின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கவைப்பேன். லென்ஸின் பிம்பம் படத்தின் சரி நடுவில் விழுந்தால் நேர். இல்லாவிட்டால் கிண்ண வரிசைகள் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் விரியும்.

அடுத்து இடைவெளி. ஒரு கிண்ணத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அளந்து வைத்தால் பெரிய கிண்ணங்கள் முட்டிக்கொள்ளும், ஊறுகாய்க் கிண்ணம் அநாதையாக நிற்கும். விளிம்புக்கு விளிம்பு அளக்க வேண்டும். நான் நாலு விரல் வைத்துக்கொள்கிறேன். செங்கல் கட்டுவதுபோல அடுத்த வரிசையை அரைக் கிண்ணம் தள்ளி வைத்தால் கடை அலமாரி மாதிரி தெரியாது. இதையெல்லாம் காலிக் கிண்ணங்களை வைத்தே முடித்துவிட வேண்டும். சோறு வந்தபின் நகர்த்தினால் துணியில் சாம்பார்தான்.

நிறத்தில் நம் விருந்துக்கு ஒரு சங்கடம் உண்டு. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, போளி என்று பாதிப் பலகை மஞ்சளும் பழுப்பும். அவற்றைப் பிரித்துப் போட்டு, தயிரையும் தேங்காய்ச் சட்னியையும் மூலைக்கொன்றாக எறிந்தால் கண் ஓரிடத்தில் சிக்காமல் சுற்றிவரும்.

கிண்ணத்தைப் பாதி நிரப்பினால் விளிம்பின் நிழல் உள்ளே கறுப்புப் பிறையாக விழும். ஆகவே விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை எல்லாவற்றையும் ஒரே மட்டமாக நிரப்புவோம். சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கிவிடும். உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, காயை அதன்மேல் நிறுத்துவது வழக்கம். நேர் நடுவில் ரசத்தை வைக்கவே கூடாது. அதில் என் கேமராவே கறுப்பாகத் தெரியும். நடுவிடம் வாழை இலைக்கும் சோற்றுக்கும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிரே நிழலைத் தணிக்க வெள்ளைத் தெர்மாகோல்.

காயும் இனிப்பும் முதலில் அமரும், குழம்புகள் பிறகு. அப்பளம் கடைசி; சென்னைக் காற்றில் அது சீக்கிரம் நமுத்துவிடும். இலை ஓரம் சுருளத் தொடங்கினால் ஈரத்துணியால் ஒரு துடை.

எல்லாம் சரியாக வந்த அந்தப் படத்தில்தான் பிசகு நடந்தது. விளம்பரத்தில் எழுத்துக்கு இடம் வேண்டுமென்று வடிவமைப்பாளர் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார். இலையின் நுனி வலப்பக்கம் போய்விட்டது. என் கண்ணில் படவில்லை, ஓட்டல்காரர் கண்ணிலும் படவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டி ஓட்டலுக்குப் போன் செய்தார்: “ஏம்ப்பா, வருஷப்பொறப்பும் அதுவுமா இலையை மாத்திப் போட்டிருக்கீங்களே?”