கோட்டை மட்டுமே பார்க்கும் கேமரா

2024 ஆகஸ்ட் 4 இரவு, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் முடிந்து சில நொடிகள் ஆகியும் வென்றவர் பெயர் பலகையில் வரவில்லை. எட்டுப் பேருமே பத்து நொடிக்குள் ஓடி முடித்திருந்தார்கள். ஏழாவது தடத்தில் ஓடிய அமெரிக்கர் நோவா லைல்ஸ், நான்காவது தடத்தில் ஓடிய ஜமைக்காவின் கிஷேன் தாம்சனிடம் போய், நீதான் ஜெயித்திருப்பாய் என்றே சொல்லிவிட்டார். ஆனால் பலகையில் முதலில் வந்தது லைல்ஸின் பெயர். இருவருக்கும் 9.79 நொடி. ஆயிரத்தில் ஒரு பங்குவரை பிரித்தால் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789.

முடிவோடு வெளியான படத்தைப் பார்த்த பலருக்குக் குழப்பம் தீரவில்லை, கூடியது. அதில் தாம்சனின் காலணி, லைல்ஸின் மார்புக்கு முன்பே கோட்டைத் தொட்டிருந்தது. அப்படியிருந்தும் தங்கம் லைல்ஸுக்கு எப்படிப் போனது?

தடகள விதி காலைக் கணக்கில் எடுப்பதில்லை. தலை, கழுத்து, கை, கால் எதுவும் செல்லாது. கழுத்துக்குக் கீழே இடுப்புவரை உள்ள நடுவுடலின் ஏதாவது ஒரு புள்ளி, ஓடிவரும் பக்கமாக இருக்கும் கோட்டு விளிம்பை எட்டும் கணமே ஓட்டம் முடியும் கணம். ஓட்டக்காரர்கள் கடைசி அடியில் தோளையும் நெஞ்சையும் முன்னே தள்ளிக் குனிவது இதற்காகத்தான். அன்று லைல்ஸின் குனிவு சரியான இடத்தில் விழுந்தது.

அந்தப் படத்தை நாம் வழக்கமான புகைப்படமாக நினைத்துப் பார்ப்பதுதான் குழப்பத்தின் வேர். வழக்கமான கேமரா ஒரு கணத்தில் அரங்கின் பல இடங்களைப் பதிவுசெய்யும். போட்டோ ஃபினிஷ் கேமரா ஒரே இடத்தைப் பல கணங்களில் பதிவுசெய்கிறது. கோட்டுக்கு நேராக, உயரத்தில் பொருத்தப்பட்ட இந்தக் கேமரா, கோட்டின் விளிம்பு மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லிய செங்குத்துக் கீற்று ஒன்றையே பார்க்கிறது. மூடிய கதவின் இடுக்கு வழியாகத் தெருவில் போகும் ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல என்று சொல்லலாம். இடுக்கைக் கடக்கும் ஒவ்வொரு துணுக்கையும் அது பதிந்து, முந்தைய துணுக்கின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகிறது. அப்படிச் சேர்ந்த கீற்றுகள்தான் நாம் பார்க்கும் படம்.

ஆகவே அந்தப் படத்தில் இடமும் வலமும் தூரத்தைக் காட்டுவதில்லை, நேரத்தைக் காட்டுகின்றன. படத்தில் இருக்கும் எல்லோரும், எல்லாமும், பதிவான கணத்தில் கோட்டின் மேல்தான் இருந்தன. பின்னணி முழுக்க வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான்: ஆள் கடக்காத நேரத்தில் கேமரா பார்ப்பது வெள்ளைக் கோட்டை மட்டுமே. கோட்டின் மேலேயே ஊன்றிய பாதம் அசையாமல் நிற்பதால் பல கீற்றுகளில் திரும்பத் திரும்பப் பதிந்து, விசித்திரமாக நீண்டு தெரியும். வீசும் கை வளைந்துபோகும். இவை கேமராவின் கோளாறுகள் அல்ல.

பாரிஸில் ஒமேகா நிறுவனம் வைத்திருந்த கேமரா நொடிக்கு 40,000 கீற்றுகளைப் பதிவுசெய்யக்கூடியது. லைல்ஸுக்கும் தாம்சனுக்கும் இடையே இருந்த 0.005 நொடியில் அது 200 கீற்றுகளைப் பிடித்திருக்கும். நொடிக்கு ஆயிரம் கீற்று எடுக்கும் கேமராவாக இருந்தால் ஐந்துதான். கடைசி மீட்டர்களில் இவர்களின் வேகம் நொடிக்குச் சுமார் 11.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி ஐந்தரை முதல் ஆறு சென்டிமீட்டர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் வெண்கலம் கைநழுவியதும் இப்படியொரு இடைவெளியில்தான். ருமேனியாவின் கிறிஸ்டினா கோஜோகாரு 55.41, உஷா 55.42.

முடிவை இவ்வளவு நுட்பமாக அளந்தால், தொடக்கத்தையும் அதே நுட்பத்தோடு அளந்தாக வேண்டும். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். துப்பாக்கி முதல் தடத்துக்கு அருகே வெடித்தால், ஒலி எட்டாவது தடத்தில் இருப்பவரை எட்ட ஏறக்குறைய 0.025 நொடி பிடிக்கும். பாரிஸில் தங்கத்தை முடிவுசெய்த இடைவெளியைப்போல ஐந்து மடங்கு! அதனால்தான் ஒவ்வொருவரின் பின்னாலும் ஒலிபெருக்கி வைத்து, மின்னணுத் துப்பாக்கியின் ஒலியை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிறார்கள். அதே விசையே கடிகாரத்தையும் இயக்குகிறது. போட்டிக்கு முன், தொடக்கத் துப்பாக்கியைக் கேமராவின் கண்ணெதிரே வெடித்துப் பார்க்கும் பூஜ்யச் சோதனையும் உண்டு. அந்த ஒளி படத்தில் பூஜ்யத்திலேயே விழ வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் விலகக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் முடிவைக் கேமரா சொல்வதில்லை. நடுவர் ஒருவர் திரையில் படத்தைப் பெரிதாக்கி, செங்குத்தான மெல்லிய கோடு ஒன்றை நகர்த்தி, ஓட்டக்காரரின் நடுவுடல் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறார். அந்தக் கோடு நிற்கும் இடத்தின் நேரமே அவருடைய நேரம். தடங்களின் வெள்ளைக் கோடுகள் முடிவுக்கோட்டைச் சந்திக்கும் இடங்களில் கறுப்பு பூசுவது, கேமரா விளிம்போடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க உதவும். நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட அப்படி எந்தக் குறியும் கிடையாது. என் கணக்கில் இந்த முழு அமைப்பிலும் மிகக் கடினமான வேலை அந்தக் கோட்டை நிறுத்துவதுதான்.

2012 ஜூனில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டி இதைக் காட்டிவிட்டது. பெண்கள் 100 மீட்டரில் முதல் மூவருக்கு லண்டன் வாய்ப்பு. மூன்றாமிடத்துக்கு ஜெனீபா டார்மோவும் ஆலிசன் ஃபீலிக்ஸும் சேர்ந்தாற்போல் வந்தார்கள். முதலில் படித்த முடிவு டார்மோவுக்கு 11.067, ஃபீலிக்ஸுக்கு 11.068. நொடிக்கு 3,000 கீற்று எடுக்கும் கேமரா இருந்தது. குறை வேகத்தில் இல்லை. டார்மோவின் நெஞ்சின் முன்விளிம்பு அவருடைய கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. தலைமை நடுவர், கைக்குப் பின்னால் அது எங்கே இருந்திருக்கும் என்று கணித்துக் கோட்டை நிறுத்தியிருந்தார். மறுபரிசீலனையில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து இருவரைப் பிரிக்க முடியாது என்று ஆனது. இருவருக்கும் 11.068, சமநிலை.

மூன்றாமிடச் சமநிலையை எப்படித் தீர்ப்பது என்று அமெரிக்கத் தடகளச் சங்கத்திடம் விதியே இல்லை. அவசரமாக ஒன்றை எழுதினார்கள்: நாணயம் சுண்டலாம், அல்லது இருவர் மட்டும் மீண்டும் ஓடலாம். மறு ஓட்டம் முடிவானது. ஆனால் டார்மோ விலகிக்கொள்ள, இடம் ஃபீலிக்ஸுக்குப் போனது.

கேமரா 40,000 கீற்று எடுத்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே தடகளம் இறங்குவதில்லை. அது நியாயம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும். ஒருவருடைய காது ஒலிபெருக்கியிலிருந்து அவ்வளவு தள்ளி இருந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். அதிகாரபூர்வ நேரமோ நூறில் ஒரு பங்குதான், அதுவும் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்கப்படும். 9.781 ஓடியவருக்கும் 9.790 ஓடியவருக்கும் ஏட்டில் ஒரே 9.79, 9.791 ஓடியவருக்கு 9.80. ஆயிரத்தின் பங்குகள் யார் முன்னே என்று வரிசைப்படுத்த மட்டுமே. அங்கும் பிரியவில்லை என்றால், முதலிடமானாலும் சமநிலை சமநிலையாகவே நிற்கும். தகுதிச் சுற்றின் கடைசி இடமானால் இருவரையும் அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். தடம் போதாவிட்டால் சீட்டுக் குலுக்குவார்கள்.