பால்கனியை அடைத்தவருக்கு ஒரு கடிதம்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனியை அடைக்க ஆளுக்கொரு காரணம் உண்டு. புறாத் தொல்லை, ஐப்பசி மழையின் சாரல், பிள்ளைக்குப் படிக்க ஓர் அறை. எல்லாமே நியாயமான காரணங்கள். ஒரு சனி ஞாயிறில் கொத்தனார் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். திங்களன்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் யாராவது படம் போட்டு, "யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்?" என்பார். அதன்பின் பேச்சு கட்டடத்தைப் பற்றி இருக்காது, மரியாதையைப் பற்றித்தான் இருக்கும். செயற்குழு செய்ய வேண்டியது வேறு. குழுவில் வாயே திறக்காமல், அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அந்தக் கடிதத்துக்கு வலு சேர்ப்பது விதி எண்கள் இல்லை, எடைக் கணக்குதான். மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள பால்கனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பால்கனிகள் வெளி ஓரத்தில் தூண் இல்லாமல், வீட்டுச் சுவரோரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கும் தளங்கள். இந்தியத் தர விதிப்படி வீட்டுப் பால்கனியில் ஆட்களும் சாமான்களுமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ ஏறும் என்று வைத்துத்தான் பொறியாளர் கம்பி கட்டச் சொல்கிறார். 3.6 சதுர மீட்டருக்கு அது ஒரு டன்னுக்குச் சற்று மேல்.

இப்போது வெளி ஓரத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் நான்கரை அங்குலச் செங்கல் சுவரை மேல்தளம் வரை எழுப்பி, நடுவில் ஒரு சன்னல் வைக்கிறார்கள். பூச்சோடு சேர்த்து அது சதுர மீட்டருக்கு 270 கிலோ அளவில் வரும். சன்னல் போக மீதிச் சுவர் முன்பக்கத்தில் மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். "ஒரு டன்னுக்குத்தானே கட்டியிருக்கிறார்கள், தாங்காதா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். நல்ல கேள்வி. பதில், எடை நிற்கும் இடத்தில் இருக்கிறது. பொறியாளர் கணக்கிட்ட ஒரு டன், தளம் முழுக்கப் பரவி நிற்பது. சுவரின் ஒரு டன் முழுவதும் நுனியில் நிற்கிறது. நுனியில் நிற்கும் எடை, தளம் சுவரைப் பிடித்திருக்கும் இடத்தை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அதிகமாக முறுக்குகிறது. உள்ளே போடப்போகும் கட்டிலும் அலமாரியும் அதற்கு மேல்தான். இதே அடைப்பை அலுமினியச் சட்டமும் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடியுமாகச் செய்திருந்தால் மொத்தமே நூறு கிலோ அளவில்தான் வந்திருக்கும்.

இப்படிப்பட்ட தளத்தில் தாங்கும் கம்பி மேற்பக்கத்தில் இருக்கும். அதனால் விரிசலும் மேற்பக்கத்தில், வீட்டுச் சுவரை ஒட்டித்தான் முதலில் விழும். அந்த இடத்தை டைல்ஸ் மறைத்துவிடும். வெளியே தெரியும் அடையாளங்கள் சிறியவை: வாசற்படியை ஒட்டிய டைல்ஸ் இணைப்பு நீளவாக்கில் பிளக்கும், உள்ளே ஊற்றிய தண்ணீர் முன்பைவிட வேகமாக வெளி ஓரம் போய்த் தேங்கும், கீழ்வீட்டுக்காரரும் பால்கனியை அடைத்திருந்தால் அவருடைய ஸ்லைடிங் சன்னல் இறுகிக்கொள்ளும். மேல்தளம் தொய்ந்து அவருடைய சட்டத்தின் மேல் உட்கார ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

எடை ஒன்றுதான் சிக்கல் என்றில்லை. சமையலறையின் பின்னாலுள்ள சிறிய பால்கனியை அடைத்து, அங்கே கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய ஆபத்து. காற்றோட்டம் போனால் அங்கே கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.

அனுமதி என்று சொல்லும்போது இரண்டைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். சங்கத்தின் இசைவு ஒன்று. கட்டடத்தின் வெளித்தோற்றமும் தளங்களின் உறுதியும் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் அது தேவைப்படுகிறது. திட்ட அனுமதி இன்னொன்று. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ அல்லது அதன் சார்பில் உள்ளாட்சி அமைப்பு தருவது. திறந்த பால்கனியை அறையாக்கினால் கட்டடத்தின் தளப்பரப்புக் கணக்கே மாறலாம். சங்கம் தலையாட்டியதால் அரசு அனுமதி கிடைத்துவிடாது. 'பின்னால் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின் கீழ் வந்த ஒழுங்குபடுத்தும் திட்டம் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கானது. போன மாதச் சுவருக்கு அது உதவாது.

எழுதுமுன் செயற்குழு ஒரு முறை கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். இதே கட்டடத்தில் வேறு ஐந்து பால்கனிகள் ஏற்கெனவே அடைபட்டிருந்து, ஒருவருக்கு மட்டும் கடிதம் போனால் அவர் அதைப் பகை என்றே எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. ஆறு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் போகட்டும். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"4சி வீட்டின் உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வீட்டின் தெற்குப் பால்கனியில் கைப்பிடிச் சுவருக்கு மேல் செங்கல் சுவரும் சன்னலும் எழுப்பப்பட்டிருப்பதை மார்ச் 9 அன்று தரையிலிருந்து பார்த்தோம். படம் இணைத்துள்ளோம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அது திறந்த பால்கனி. இதற்கு விண்ணப்பமோ அனுமதியோ எங்கள் பதிவேட்டில் இல்லை. தங்களிடம் இருந்தால் நகலை அனுப்புங்கள். எங்கள் பதிவைத் திருத்திக்கொள்கிறோம்.

இல்லையென்றால், மேற்கொண்டு வேலை செய்வதை நிறுத்திவைத்து, ஏப்ரல் 10-க்குள் இரண்டில் ஒன்றைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, மே 31-க்குள் சுவரை அகற்றிப் பழையபடி ஆக்கித் தருவது. அல்லது, வரைபடம், பயன்படுத்திய பொருள்களின் விவரம், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று ஆகியவற்றோடு சங்கத்துக்கு விண்ணப்பித்து, திட்ட அனுமதிக்கும் மனுச் செய்து அதன் ஒப்புகையைத் தருவது. விண்ணப்பத்தின் மேல் முடிவு வரும்வரை அகற்றச் சொல்ல மாட்டோம். பொறியாளர் ஆபத்து என்று சொன்னால் மட்டும் உடனே பாரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மழைச் சாரலோ புறாவோ காரணமென்றால், புறா வலைக்கும் மெல்லிய எஃகுக் கம்பித் தடுப்புக்கும் சங்கம் ஏற்றுக்கொண்ட மாதிரி அலுவலகத்தில் இருக்கிறது. நேரில் பேச விரும்பினால் ஞாயிறு காலை வரலாம்."

இந்தக் கடிதத்தில் 'சட்டவிரோதம்' என்ற சொல் இல்லை. அதை முடிவு செய்யும் இடம் சங்கம் இல்லை. இடிப்போம், தண்ணீரை நிறுத்துவோம் என்ற மிரட்டலும் இல்லை. சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது, எழுதினால் பின்னால் அதுவே சங்கத்துக்கு எதிரான சான்றாகும். ஆள் வைத்து இடிக்க முயன்றால் இன்னும் மோசம். வாடகைக்குக் குடியிருப்பவர் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வருவதும் வழக்கமான சறுக்கல். கடிதம் உரிமையாளரின் பெயருக்கு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு போக வேண்டும்; குடியிருப்பவருக்கு நகல்.

பதிலே வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் அசையாவிட்டால் கடிதங்களின் நகல்களோடு சிஎம்டிஏவுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ மனு. அனுமதியின்றிக் கட்டியதை அகற்றச் சொல்லி அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் அதே 1971 சட்டத்தின் 56-ஆம் பிரிவில் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் அதுவரை இழுக்க மாட்டார்கள். செங்கல்லை எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். சங்கம் இசையலாம், ஆனால் எழுத்தில்: மழைநீர்க் குழாயை அடைக்கக் கூடாது, சட்டத்தின் நிறம் மற்ற வீடுகளோடு ஒத்திருக்க வேண்டும், கசிவு வந்தால் செலவு அவருடையது, அரசு அனுமதி பெறும் பொறுப்பும் அவருடையதே. வீட்டை விற்கும்போது இந்த நிபந்தனைகளை வாங்குபவரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். வாங்குபவர் கடனுக்குப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பால்கனியைப் பார்ப்பார்.