கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு குறள் வெண்பா!

மதுரையில் எங்கள் தெரு மளிகைக்கடையில், தராசுக்கும் ஷாம்பு பாக்கெட் சரத்துக்கும் நடுவே இந்தச் சித்திரைக்கு ஒரு வாழ்த்து தொங்குகிறது. சும்மா வாழ்த்து இல்லை. அசல் குறள் வெண்பா! அது அங்கே ஏறிய கதையைக் கூடவே நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கேளுங்கள்.

எழுதியவர் கடையின் நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாழ்த்து வேண்டுமென்று அண்ணாச்சி கேட்டதும் வாத்தியாரய்யா விரல்விட்டு எண்ணினார், முகம் மலர்ந்துவிட்டது. "வாடிக்கை யாளர்க்கு வாழ்த்து" என்பது தானாகவே வெண்பாவின் கடைசி அடியாம்! மூன்றே சீர். முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் 'வா' என்று மோனை. வெண்பா முடிய வேண்டிய நான்கு வாய்பாடுகளான நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றில் 'வாழ்த்து' என்பது 'காசு'. கடைக்கு எழுதும் பாட்டு காசில் முடிகிறதே, இதைவிட என்ன சகுனம் வேண்டும்?

அண்ணாச்சிக்கு ஆண்டின் பெயரும் வரணும். 2026 சித்திரையில் பிறப்பது பராபவ. "போட்டா அடுத்த வருஷம் மாட்ட முடியாது. இந்தப் பேர் திரும்பி வர 2086 ஆகும்" என்றார் ஐயா. பெயர் அந்த நிமிஷமே கழன்றது. சிக்கனத்தின் முன் பஞ்சாங்கம் எம்மாத்திரம்!

வாடி என்பதற்கு எதுகையாகத் 'தேடி' வந்தது. தேடிக்கு மோனையாகச் சித்திரையின் 'திரை' வந்து நின்றது. பிறந்தது முதல் வடிவம்:

தேடி வருஞ்சித் திரைநாளில் எங்களது
வாடிக்கை யாளர்க்கு வாழ்த்து

அண்ணாச்சி முகம் சுளித்தார். "எங்களதுன்னா வக்கீல் நோட்டீஸ் மாதிரியில்ல இருக்கு? எங்கள்னே போடுங்கய்யா."

போட முடியாது. 'எங்கள்' என்றால் நேர் நேர், அதாவது தேமா. மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும். 'வாடிக்கை'யோ 'வா' என்று நெடிலோடு, நேரில் தொடங்குகிறது. தளை தட்டிவிடும். 'எங்களது' என்று ஓர் அசை கூடினால் அது காய்ச்சீர். காய் முன் நேர் வரலாம், சுபம். இதைக் கேட்டு அண்ணாச்சி சீனி மடித்த பொட்டலத்தை இரண்டு தடவை மடித்தார். கடைசியில் ஐயாதான் இறங்கி வந்தார்: "நம்முடைய". அதே கூவிளங்காய் அச்சு, ஆனால் வக்கீல் வாடை இல்லை. கைதட்டல்!

அடுத்து பிளக்ஸ் கடை. இங்கேதான் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பாமினி எழுத்துருவில் அப்படியே ஒட்ட முடியாது, மறுபடி தட்டச்சணும். தம்பி திரையைப் பார்த்தான். "அண்ணே, சித் தனியா, திரை தனியா இருக்கு. ஸ்பேஸ் எடுத்துரவா? யாளர்க்குன்னா யாருண்ணே?"

சீர் பிரித்து எழுதினால் பாட்டு சரி, படிப்பவர் பாடு திண்டாட்டம். ஐயா பெரிய மனசோடு சேர்த்து எழுதச் சம்மதித்தார். ஓசை காதில்தானே இருக்கிறது, இடைவெளியிலா? தம்பி கேட்காமலே 'வருஞ்சித்திரை'யை 'வரும் சித்திரை' ஆக்கினான், ஐயா கண்டுகொள்ளவில்லை. ம் ஆனாலும் ஞ் ஆனாலும் ஒற்று ஒற்றுதான், அசை மாறாது.

அச்சுக்குப் போகும் முன் ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கே, உள்ளதை உள்ளபடி உரக்கப் படி." தம்பி படித்தான்: "…வாடிக்கையாளர்க்கு வாழத்து." ழ-வின் தலையில் புள்ளி விழவில்லை! கண்ணால் மூன்று பேர் பார்த்துத் தவறவிட்டதைக் காது பிடித்தது. வா, ழத், து என்று மூன்று அசையானால் அது 'காசு' இல்லை. வெண்பா முடியவே முடியாது. புள்ளி வைத்தார்கள், இரண்டுக்கு மூன்று அடியில் பளபளவென்று வந்திறங்கியது:

தேடி வரும் சித்திரை நாளில் நம்முடைய
வாடிக்கையாளர்க்கு வாழ்த்து

மாட்ட இருந்த ஒரே ஆணிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே பழைய பலகை: "இன்று ரொக்கம் நாளை கடன்". அண்ணாச்சி கண் சிமிட்டினார். "இது தேறுமாய்யா?"

ஐயா விரல் மடித்தார். "இன்று ரொக்கம், மா முன் நேர், தட்டுது. நாளை கடன், மா முன் நிரை, சுத்தம். முடியறதும் மலர்ங்கிற வாய்பாட்டுல."

"அப்ப கடன் சரி, ரொக்கம்தான் தட்டுதுங்கிறீங்க" என்றார் அண்ணாச்சி. "கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து அப்படித்தான்யா."