பதினொன்றிலேயே நிற்கும் காப்பி வேகம்

கோவையில் வீட்டு மாடியிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு முகூர்த்தம் முடிந்தால் வீடியோவும் படமுமாக 300 ஜிகாபைட் சேர்ந்துவிடும். எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டரிலிருந்து அதைப் பக்கத்து அறையில் உள்ள நாஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும். நாஸ் என்பது இரண்டு, மூன்று ஹார்ட் டிஸ்க்குகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி. இரவு பத்து மணிக்கு காப்பி போட்டால் விடியற்காலை ஐந்தரைக்குத்தான் முடிகிறது. பிராட்பேண்ட் சரியில்லையோ என்று மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்க்கிறார். வாங்கிய 100 மெகாபிட் அப்படியே வருகிறது. படங்களும் பாட்டுகளும் தடங்கலில்லாமல் ஓடுகின்றன.

ஸ்பீடு டெஸ்ட் அளப்பது வேறொரு வழியை. மொபைல், ரவுட்டர், அதற்கு அப்பால் வெளியே உள்ள சர்வர், இவ்வளவுதான் அதன் பாதை. கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்குப் போகும் கோப்பு வீட்டுக்கு வெளியே கால் வைப்பதே இல்லை. ரவுட்டரின் ஒரு போர்ட் வழியாக உள்ளே வந்து இன்னொரு போர்ட் வழியாக வெளியேறிவிடுகிறது. இணையத்தை முழுதாகத் துண்டித்துவிட்டாலும் அந்த காப்பி அதே வேகத்தில் நடக்கும். ஆகவே பிளானை உயர்த்தினாலும் இந்தச் சிக்கல் தீராது. பணம் போவதுதான் மிச்சம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க, காப்பி ஓடும்போது விண்டோஸ் காட்டும் எண்ணைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். காப்பி வேகத்தை விண்டோஸ் மெகாபைட்டில் காட்டுகிறது. ஒரு பைட் எட்டு பிட். எனவே 100 மெகாபிட் பாதையில் கணக்குப்படி நொடிக்கு 12.5 மெகாபைட் போகலாம். தகவலோடு சேர்ந்து போகும் முகவரி முதலிய கூடுதல் சுமையைக் கழித்தால் கைக்குக் கிடைப்பது 11 சொச்சம். இன்றைய கம்ப்யூட்டர்களிலும் நாஸ் பெட்டிகளிலும் சாதாரணமாக இருப்பது ஜிகாபிட் போர்ட். அதில் 110 சுமாருக்கு வர வேண்டும். நம் போட்டோகிராபரின் திரையில் வேகக்கோடு ஏறாமல் இறங்காமல் 11-லேயே படுத்திருக்கிறது. டிஸ்க் பழுதானாலோ வைரஸ் இருந்தாலோ கோடு இப்படி நேராக நிற்காது. எங்கோ ஓரிடத்தில் ஜிகாபிட் பாதை 100 மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது.

உறுதிசெய்வதும் எளிது. விண்டோஸ் 11-இல் Settings, Network & internet, Ethernet என்று வரிசையாகப் போனால் Link speed என்ற வரி இருக்கும். அங்கே 1000/1000 இருக்க வேண்டிய இடத்தில் 100/100 இருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் 1000 இருந்தால் நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் இதே தகவலைப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளில் எது சுருங்கினாலும் முழுப் பயணமும் அந்த வேகத்தில்தான் நடக்கும்.

சுருங்குவது ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் கேபிளுக்குள் இருக்கிறது. லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள் தெரியும். 100 மெகாபிட் முறைக்கு அவற்றில் இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட, செம்புக் கம்பியில் ஓடும் ஜிகாபிட் முறைக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று தமக்குள் பேசி முடிவுசெய்யும். அந்தப் பேச்சு நடப்பது முதல் இரண்டு ஜோடிகளில்தான். அவை நன்றாக இருந்தால் ஜிகாபிட் என்றே முடிவாகும். பிறகு நான்கு ஜோடிகளையும் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று அறுந்திருந்தால் இணைப்பு அமையாது. சில முறை முயன்றபின் பெரும்பாலான நெட்வொர்க் சிப்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இணையமும் ஓடிக்கொண்டிருக்கும். 100 மெகாபிட் பிளான் உள்ள வீட்டில் இந்தக் குறை வருஷக்கணக்கில் வெளியே தெரியாமலே கிடப்பது இதனால்தான்.

கம்பி அறுபடுவது சாதாரணமாக நடக்கிற காரியம். கதவிடுக்கில் நசுங்கும், எலி கடிக்கும், முனையில் கிரிம்பிங் சரியில்லாமல் ஒரு கம்பி ஆர்ஜே-45 பிளக்கின் உலோகத் தகட்டைத் தொடாமல் நிற்கும். செம்புப் பூச்சு மட்டும் உள்ள அலுமினியக் கம்பியைக் கொண்ட மலிவு கேபிள்கள் வளைத்தால் எளிதில் உடையும். இன்னொரு வழக்கமும் உண்டு. சுவருக்குள் போட்டிருப்பது ஒரே கேபிள், தேவை இரண்டு இணைப்பு என்றால், எட்டு கம்பிகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு முனைகளாகக் கிரிம்ப் செய்து கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பிரித்த கேபிளில் 100-க்கு மேல் எந்நாளும் போகாது.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கேபிள். கேட்-5இ அல்லது கேட்-6 என்று மேலே அச்சிட்ட, தொழிற்சாலையிலேயே முனை பொருத்திய ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே நேரடியாகச் செருகி, Link speed-ஐ மறுபடி பார்க்க வேண்டும். 1000 ஆகிவிட்டால் குற்றவாளி பழைய கேபிள். ஆகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ரவுட்டர் மேல். வைஃபையில் பல நூறு மெகாபிட் என்று அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றின் லேன் போர்ட்டுகள் 100 மெகாபிட் மட்டுமே. விவரக்குறிப்பில் 10/100 என்று இருந்தால் அந்த வகை, 10/100/1000 என்று இருந்தால் ஜிகாபிட்.

நம் போட்டோகிராபரின் ரவுட்டர் 10/100. அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஐந்து போர்ட் கொண்ட ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரையும் நாஸையும் அதில் செருகி, ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொண்டுபோனால் போதும். இருவருக்கும் இடையிலான கோப்புகள் ஸ்விட்சுக்குள்ளேயே கடந்துவிடும். இணையத்துக்கான தகவல் மட்டும் ரவுட்டருக்குப் போகும், அதற்கு 100 தாராளம். காப்பி 110-ல் ஓடினால் 300 ஜிகாபைட் முக்கால் மணி நேரத்தில் முடியும். லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக லேன் கேபிள் செருகும் சிறு அடாப்டர் வைத்திருப்பவர்கள் அதையும் சோதிக்க வேண்டும். அவற்றிலும் 100 மெகாபிட் வகை நிறைய விற்பனையாகிறது.

கேபிளே இல்லாமல் இரண்டு லேப்டாப்களும் வைஃபையில் இருந்தால் கதை வேறு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பட்டிமன்ற மேடையில் ஒரே மைக் கைமாறுவதைப் போல. கோப்பு முதல் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து இரண்டாம் லேப்டாப்புக்கு ஒருமுறை என்று அதே காற்றில் இருமுறை பயணிக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இணையத்துக்கு ஒரே தாவல் என்பதால் ஸ்பீடு டெஸ்டில் இது தெரியாது. இரண்டில் ஒன்றையாவது கேபிளில் மாட்டினால் இந்த இழப்பு நின்றுவிடும்.

பாதையெல்லாம் ஜிகாபிட் ஆனபிறகும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பெரிய வீடியோ 110-ல் பறக்கும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் உள்ள ஃபோல்டர் வந்ததும் வேகம் சரிந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் திறப்பது, பெயர் பதிவது, எழுதுவது, மூடுவது என்று இரு பெட்டிகளும் பலமுறை கேள்வியும் பதிலுமாகப் பேச வேண்டியிருக்கிறது. கோப்பு சிறிதாக இருந்தால் எழுதும் நேரத்தைவிடப் பேசும் நேரமே அதிகம். கேபிளை எவ்வளவு மாற்றினாலும் இது குறையாது. ஒரே சமயத்தில் பல கோப்புகளை அனுப்பினால் காத்திருக்கும் நேரம் ஒன்றோடொன்று கலந்து மிச்சமாகும். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி அதைச் செய்யும்:

```
robocopy D:\Photos \\192.168.1.20\photos /E /MT:16
```

இதில் /E எல்லா உள் ஃபோல்டர்களையும் சேர்க்கிறது, /MT:16 பதினாறு கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்கிறது. முகவரியும் ஃபோல்டர் பெயரும் அவரவர் நாஸுக்கு ஏற்ப மாறும். நாஸில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எண்ணை எட்டுக்குக் குறைத்துப் பார்க்கலாம். நிறைய கோப்புகளை ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் டிஸ்கின் முள் இங்கும் அங்கும் அலைந்து, கிடைத்த லாபம் அதிலேயே கரையக்கூடும்.